கூடலூர் பஸ் எங்கிருந்து கிளம்பும்? கோவை – கம்பம் பள்ளத்தாக்கு – மதுரை

முதல் நாள்: கூடலூர், இரவு

கோவை ஜங்ஷனில் இறங்கி வெளியே வந்தபோது காலை ஏழு மணி இருக்கும். நண்பன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்காகக் கூடலூர் போக வேண்டும். வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னதுமே வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார்.

"கூடலூருங்களா? மேட்டுப்பாளையம் ரோடு ஸ்டாண்டுங்க. ஏறுங்க, ஊட்டி வண்டி நெறையா இருக்கும்."

அவர் மீது தப்பே இல்லை. கோவையில் கூடலூர் என்றால் ஊட்டியைத் தாண்டி, முதுமலைக்குப் பக்கத்தில் இருக்கும் நீலகிரிக் கூடலூர்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதற்கு வண்டி மேட்டுப்பாளையம் சாலை ஸ்டாண்டில். பெரியநாயக்கன்பாளையம் பக்கம் இன்னொரு கூடலூர் இருக்கிறது. அது கோவைக்கு வெளியே ஒட்டியிருக்கும் ஊர், டவுன் பஸ்ஸே போகும். நான் போக வேண்டிய கூடலூர் தேனி மாவட்டத்தில், கம்பத்துக்கும் குமுளிக்கும் நடுவில் இருக்கிறது. மூன்றுக்கும் மூன்று பக்கம். ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தால், மலைதான் வரும், ஆனால் வேறு மலை.

"தேனிப் பக்கம் கூடலூருங்க, கம்பத்துக்கு அந்தாண்ட" என்றதும் அவர் முகம் மாறியது. "அப்ப சிங்காநல்லூருங்க. எதிர்ப்பக்கம் டவுன் பஸ்லயே போயிருங்க, சல்லிசு" என்று சொல்லிவிட்டு வண்டியை அணைத்தார். சவாரியை விட்டுக்கொடுத்து வழி சொன்னவர். கோவைக்காரர்களிடம் இந்தக் குணம் இன்னும் இருக்கிறது.

புதிதாக வருகிறவர்களைக் கோவை குழப்புவதற்குக் காரணம் உண்டு. 'கோயம்புத்தூர் பஸ் ஸ்டாண்ட்' என்று ஒன்று கிடையாது. மேப்பில் அப்படித் தேடினால் பெரும்பாலும் காந்திபுரத்தில் கொண்டுபோய் நிறுத்தும். காந்திபுரம் அவிநாசி சாலைக்கும் சத்தி சாலைக்கும் உரியது: திருப்பூர், ஈரோடு, சேலம், சத்தியமங்கலம். உக்கடம் தெற்குப் பக்கம்: பொள்ளாச்சி, உடுமலை, பழனி, அந்தப்புறம் பாலக்காடு. மேட்டுப்பாளையம் சாலை ஸ்டாண்ட் வடக்கே, நீலகிரிக்கு. சிங்காநல்லூர் திருச்சி சாலையில், கிழக்கே: திருச்சி, மதுரை, திண்டுக்கல், தேனி. இவற்றில் பலவற்றை ஒன்றாக்கத்தான் வெள்ளலூரில் பெரிய நிலையம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். அது பாதியில் நின்றுபோனதால், ஊர் இன்னும் சாலைக்கு ஒரு ஸ்டாண்டாகவே இருக்கிறது.

ஆக, ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதாது, வண்டி கோவையை விட்டு எந்தச் சாலையில் வெளியேறுகிறது என்று தெரிய வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் தேனி, கோவைக்குத் தெற்கே சரிந்து கிடக்கிறது. தெற்கு என்றால் உக்கடம் என்றுதானே தோன்றும்? ஆனால் தேனி வண்டிகள் திருச்சி சாலையில் கிழக்கே கிளம்பி, சூலூர், பல்லடம் தாண்டி, அப்புறம்தான் தாராபுரம் பக்கம் தெற்கே திரும்புகின்றன. அதனால் சிங்காநல்லூர்.

உக்கடத்தில் ஏறிப் பழனி போய், அங்கே மாறியும் வரலாம். தாராபுரம் சாலையும் பழனி சாலையும் ஒட்டன்சத்திரத்தில் சேர்ந்துவிடுகின்றன. நேர் வண்டி கிடைக்காத வேளையில் இது நல்ல வழி. கையில் மூட்டை முடிச்சு இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

சிங்காநல்லூரில் இறங்கியபின் அடுத்த சிக்கல். அங்கே எந்த போர்டிலும் 'கூடலூர்' இல்லை. இருக்கவும் இருக்காது. நடுவில் இருக்கும் சிற்றூர்களுக்குத் தனி வண்டி விட மாட்டார்கள், வண்டி எங்கே போய் முடிகிறதோ அந்தப் பெயர்தான் நெற்றியில் இருக்கும். தேனிக்குப் பிறகு அந்தச் சாலையில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், கடைசியில் மலைமேல் குமுளி என்று ஊர்கள் வரிசையாக வரும். எனவே எனக்கு வேண்டியது 'குமுளி' போர்டு. 'கம்பம்' என்று போட்டிருந்தால் பத்து கிலோமீட்டர் முன்னாலேயே முடிந்துவிடும், அங்கிருந்து வேறு வண்டி பிடிக்க வேண்டும். 'தேனி' என்றால் இன்னும் முன்னால்.

இரண்டு தேனி வண்டிகள் நின்றன. ஒன்றில் டிரைவர் இல்லை, விளக்கும் இல்லை. இன்னொன்றில் நடத்துனர் படியில் நின்று "தேனி, தேனி, பெரியகுளம், தேனி" என்று கூவிக்கொண்டிருந்தார். கூவுகிறவர் பக்கம் கால் தானாகப் போகும். எனக்கோ நேர் வண்டி வேண்டும். நேரக்காப்பாளர் அறைக்குப் போய்க் கேட்டேன்.

"குமுளி எத்தன மணிக்குங்க?"

"ஒம்பதே கால். வந்தா."

அந்த 'வந்தா'வை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் அர்த்தம் நாளை எழுதுவேன், அதற்கு ஆள் கிடைத்திருக்கிறார்.

இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து நின்றேன். ஒன்பது மணிவாக்கில் ஒரு வண்டி உள்ளே நுழைந்தது. சனங்கள் இறங்குவதற்குள் ஒரு பையன் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டான். கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் 'கோவை' போர்டு. இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். வந்த வண்டிதான் திரும்பப் போகும் வண்டி, போர்டை டிரைவர் டீ குடித்துவிட்டு வந்துதான் திருப்புவார். வண்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் எழுதியிருக்கும் பணிமனைப் பெயரைப் பாருங்கள். அது நீங்கள் போகும் திசையில் உள்ள ஊராக இருந்தால், அநேகமாக வண்டி வீட்டுக்குத்தான் திரும்புகிறது. இதில் லோயர் கேம்ப் என்று இருந்தது. ஏறி, வலப்பக்கம் நடுவில் ஜன்னலோரம் பிடித்தேன். ஒன்பதேகால் தாண்டிக் கிளம்பியது.

ஒட்டன்சத்திரம் வரை வெயிலும் காற்றாலைகளும். செம்பட்டி, வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாகத் தேனி. தேனியிலும் இரண்டு நிலையங்கள்: ஊருக்குள் பழையது, புறவழியில் புதியது. வெளியூர் வண்டிகளுக்குப் புதியதுதான் கணக்கு. அதற்குக் கர்னல் ஜான் பென்னிகுயிக் பெயரை வைத்திருக்கிறார்கள். 1895-இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பொறியாளர். இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டுப் பிள்ளைக்கே அவர் பெயரை வைக்கிறவர்கள் உண்டு. பஸ் ஸ்டாண்டுக்கு வைப்பதில் ஆச்சரியம் இல்லை.

தேனிக்கு மேல் தென்னை, வாழை, சின்னமனூர் தாண்டித் திராட்சைப் பந்தல்கள். பொழுது சாயக் கூடலூர். நண்பன் ஸ்டாப்பில் நின்றான்.

இரண்டாம் நாள்: கூடலூர், லோயர் கேம்ப், குமுளி

விடியற்காலையிலேயே விழா முடிந்துவிட்டது. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் நண்பனின் சித்தப்பா. அரசு பஸ்ஸில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். நேற்றைய 'வந்தா'வை அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, இலையை மடித்த கையோடு திண்ணைக்குக் கூட்டிப் போனார். அவர் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன்.

கோவையிலிருந்து குமுளிக்குக் கிளம்பும் வண்டி கோவையின் வண்டி அல்ல. இங்கே ஏதோ ஒரு பணிமனையில் டீசல் பிடித்து, கழுவி, பழுது பார்த்து, இங்கத்து டிரைவர் கண்டக்டரோடு கிளம்பிப் போகிறது. கோவையில் பயணிகளை இறக்கி, கொஞ்ச நேரம் நின்று, அதே வண்டி அதே ஆட்களோடு திரும்புகிறது. கோவை நேரக்காப்பாளர் வந்த நேரம், போன நேரத்தை எழுதி, வரிசைப்படி அனுப்புவார். அட்டவணை போடுவதும், இன்றைக்கு எந்த வண்டி, யாருக்கு டூட்டி என்று முடிவு செய்வதும் சொந்தப் பணிமனை.

"இங்க வண்டி எஃப்.சி.க்குப் போயிருச்சு, இல்ல கண்டக்டரு லீவு போட்டுட்டாருன்னு வைங்க தம்பி. சிங்கிளக் கட் பண்ணிருவாங்ய. காலைல இங்க கட்டானா, மத்தியானம் அங்க வண்டி இருக்காதுல்ல? அங்க உள்ளவருக்கு அது எப்பத் தெரியும்? வண்டி வரலைன்னாத்தான் தெரியும்."

அதனால்தான் அந்த 'வந்தா'.

'சிங்கிள்' என்பது ஒரு நடை, ஒரு பக்கப் பயணம். போகும் சிங்கிள் ரத்தானால் வரும் சிங்கிளும் தானாக ரத்து. பெரிய நகரங்களுக்கிடையே இது நமக்குத் தெரியாது, அடுத்த வண்டி கால் மணியில் வந்துவிடும். நாளுக்குச் சில வண்டிகளே ஓடும் சிற்றூருக்குத்தான் இது உறைக்கும். ஆகவே இந்த மாதிரி வண்டியைப் பற்றி விசாரிக்கச் சரியான இடம், நீங்கள் ஏறப்போகும் நகரம் அல்ல, போய்ச் சேரப்போகும் ஊர். அங்கே ஒரு மாமனோ மச்சானோ இருந்தால் முந்தின நாள் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கேட்க வேண்டிய கேள்வியும் 'கோவைக்கு பஸ் உண்டா' என்பது அல்ல. 'காலையில் கோவைக்குப் போகிற வண்டி இப்போது ஓடுகிறதா, அங்கே எத்தனை மணிக்குத் திரும்புகிறது, எந்த ஸ்டாண்டில் நிற்கிறது' என்று கேளுங்கள். அந்தக் கண்டக்டரே அதே கடையில் டீ குடிக்கிறவராக இருப்பார்.

சில நாட்களில் இந்தக் கணக்கும் பொய்க்கும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா நடக்கும்போது தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவே வண்டிகளை வேறு வழியில் திருப்பி விடுவார்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் குமுளி வழியாகப் போவதால் சிறப்புப் பேருந்துகள் ஓடும், வழக்கமான வண்டியின் நேரம் ஆடிப்போகும். பெரிய முகூர்த்த நாட்களில் வண்டி உள்ளே நிற்கவும் இடமில்லாத கூட்டத்தோடு வந்து சேரும்.

சாயங்காலம் சித்தப்பா என்னை லோயர் கேம்ப்புக்கு அழைத்துப் போனார். மலையடிவாரம். பெரிய குழாய்களில் பெரியாற்றுத் தண்ணீர் மின்நிலையத்துக்கு இறங்குகிறது. பென்னிகுயிக் மணிமண்டபமும் இங்கேதான். பணிமனை வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே வரிசையாக வண்டிகள். இது டெப்போ, ஸ்டாண்ட் அல்ல. உள்ளே போய் ஏறி உட்கார முடியாது, செக்யூரிட்டி விட மாட்டார். ஆனால் குமுளியில் புறப்படுவதாக அட்டவணையில் இருக்கும் அதிகாலை வண்டி கண் விழிப்பது இங்கேதான். இருட்டிலேயே இங்கிருந்து கிளம்பி, காலியாக மலையேறி, குமுளியில் போர்டைத் திருப்பிக்கொண்டு இறங்கி வரும். உள்ளூர்க்காரர்கள் அது திரும்பும்போது கூடலூரிலேயே கை காட்டிக்கொள்வார்கள். குமுளி வரை போய் ஏறுகிறவர் உட்கார இடம் வேண்டியவர் மட்டும்.

குமுளிக்கும் ஒரு நடை போய் வந்தோம். அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் வண்டிகள் எல்லைக்கு இந்தப்புறமே நின்றுவிடும். கோட்டயமோ கட்டப்பனையோ போகிறவர்கள் இறங்கி, சோதனைச்சாவடியைக் கடந்து, கேரளப் பக்கம் நடந்து போய் அவர்கள் ஸ்டாண்டில் ஏற வேண்டும். திரும்பும்போதும் அப்படியே. தேக்கடியில் தங்குகிறவர்கள் விடுதியில் 'குமுளி பஸ் ஸ்டாண்ட்' என்று கேட்டால் கேரள ஸ்டாண்டைத்தான் காட்டுவார்கள். 'தமிழ்நாடு பார்டர்' என்று கேளுங்கள். ஏலக்காய் வாசனையில் கால் வலி தெரியாது, ஆனால் பெட்டியோடு கடைசி நிமிடத்தில் ஓடுவது வேடிக்கை அல்ல.

மூன்றாம் நாள்: மதுரை, பின்னிரவில் எழுதுவது

இனி நான் போக வேண்டியது சென்னைக்கு. குமுளி, கம்பம் பக்கமிருந்து அங்கே நேராகவே விரைவுப் பேருந்து உண்டு. முன்பதிவு செய்து படுத்துக்கொண்டே போயிருக்கலாம். மதுரையில் அத்தையைப் பார்க்காமல் போனால் பேச்சு வாங்க வேண்டும் என்பதால் மதுரை வழி.

தேனியிலிருந்து ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக வரும் வண்டி, போர்டில் வெறும் 'மதுரை' என்றுதான் போட்டிருக்கும். அது முடிவது ஆரப்பாளையத்தில், வைகைக்குத் தென்கரையில். சென்னை வண்டி கிளம்புவது ஊரின் மறுகோடியில், மாட்டுத்தாவணியில். இரண்டுக்கும் நடுவே மதுரையின் நெரிசல் முழுவதும் இருக்கிறது.

மதுரையில் திசைக் கணக்கைப் போட்டால் ஏமாற்றும். திண்டுக்கல்லும் சென்னையும் இரண்டுமே வடக்கு. ஆனால் திண்டுக்கல் வண்டி ஆரப்பாளையத்தில், சென்னை வண்டி மாட்டுத்தாவணியில். காரணம் மறுபடியும் சாலைதான். திண்டுக்கல், தேனி, கொடைக்கானல், பழனி, கோவை, ஈரோடு, சேலம் எல்லாம் மேற்கு, வடமேற்குச் சாலைகளில் வெளியேறுகின்றன, அவற்றுக்கு ஆரப்பாளையம். சென்னை வண்டி மேலூர் வழியாகத் திருச்சிக்குப் போகிறது, அந்தச் சாலை மாட்டுத்தாவணி வாசலில். அதோடு ராமேஸ்வரம், காரைக்குடி, தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில் வண்டிகளும் அங்கேயே. தெற்கே போகும் நெல்லை வண்டி ஏன் ஊரின் வடகிழக்கில் நிற்கிறது என்று கேட்காதீர்கள், அங்கே இடம் இருந்தது, ரிங் ரோடும் இருக்கிறது. நடுவில் இருக்கும் பெரியார் நிலையம் டவுன் பஸ்களுக்கு.

இதை அத்தையே எனக்குச் சொல்லிவிட்டார்: "ஆரப்பாளையத்துல எறங்குனதும் மாட்டுத்தாவணி பஸ்ஸுல ஏறாத, மொத இங்க வந்து சாப்பிடு." மதுரையில் வழி கேட்டால் சாப்பாடும் அதில் சேர்ந்து வரும்.

ஆரப்பாளையத்தில் இறங்கிய இடத்தில் ஒரு குடும்பம் குழம்பி நின்றது. அம்மா, இரண்டு பெண்கள், ஒரு சாக்கு மூட்டை. போடியிலிருந்து வந்திருக்கிறார்கள், சாயல்குடி போக வேண்டுமாம். ஸ்டாண்டில் ஒருவர் பெரியார் போகச் சொல்லியிருக்கிறார், இன்னொருவர் ராமநாதபுரம் வண்டியைப் பிடித்து அங்கே மாறச் சொல்லியிருக்கிறார். அந்தம்மாவுக்கு எதிலும் நம்பிக்கை வரவில்லை. சாயல்குடி தென்கிழக்கே, கடலோரப் பக்கம். நேர் வண்டியானாலும், ராமநாதபுரம் போய் மாறினாலும் மாட்டுத்தாவணியில்தான் ஏற வேண்டும். அங்கே நேரக்காப்பாளரிடம் சாயல்குடிக்கு அடுத்த நேர் வண்டி எப்போது என்று கேட்டுவிட்டு, வெகுநேரம் ஆகும் என்றால் மட்டும் மாறிப் போங்கள் என்றேன். பெரிய பெண் உடனே போனில் யாரையோ கூப்பிட்டு, "சித்தி, மதுரைல இருந்து ஒங்க ஊரு வண்டி எங்க நிக்கும்?" என்று கேட்டாள். பதில் வந்தது: மாட்டுத்தாவணி. அந்தம்மா என்னை விட்டுவிட்டு அந்தச் சித்தியை நம்பினார். அதுதான் சரி.

அவர்களை டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அத்தை வீட்டுக்குப் போனேன். இரவு மாட்டுத்தாவணிக்கு வந்தேன். முன்பதிவுச் சீட்டில் ஏறுமிடம் எழுதியிருந்தாலும், விரைவுப் பேருந்துகள் நிற்கும் பகுதி எது என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. உள்ளே சாதாரண வண்டிகள் நிற்கும் வரிசைகள் வேறு. சீட்டில் இருக்கும் வண்டி எண்ணை வைத்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம், வண்டி மாறினால் எண்ணும் மாறும். நேரத்தையும் ஊரையும் சொல்லிக் கேட்டதும் அங்கிருந்தவர் நேராக வண்டியையே காட்டினார்.

ஏறி உட்கார்ந்ததும் நடத்துனர் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எங்க எறங்குறீங்க? கோயம்பேடு போகாது, கிளாம்பாக்கம்தான் கடைசி." 2023 டிசம்பர் கடைசியில் அந்த முனையம் திறந்தபிறகு, தென்மாவட்ட வண்டிகளுக்கு அதுதான் எல்லை. பின்சீட்டில் ஒரு பெரியவர் கோயம்பேட்டில் மகன் காத்திருப்பதாகச் சொல்ல, நடத்துனர் பொறுமையாக விளக்கிக்கொண்டிருக்கிறார்: "இப்பவே போன் போட்டுச் சொல்லிருங்கய்யா, அவரு வண்டலூருக்கு அங்கிட்டு வரணும்."

பெரியவர் மகனுக்குப் போன் போடுகிறார். வண்டி மேலூரைத் தாண்டிவிட்டது.